ஜனவரியில் போட்ட சாக்பீஸ் கோடு

சென்னையில் எங்கள் வீடு இரண்டாவது மாடி. ஹாலை ஒட்டி எட்டடிக்கு நாலடியில் ஒரு பால்கனி, தெற்கு பார்த்தது. தலைக்கு மேலே ஒன்பதடி உயரத்தில் மூன்றாவது மாடிக்காரர்களின் பால்கனி தளம். முன்னால் மூன்றடிக் கைப்பிடிச் சுவர். சாம்பிராணிப் புகை அம்மாவுக்கு ஒத்துக்கொள்ளாது. கடையில் விற்கும் ரூம் ஸ்ப்ரே எனக்கு ஒத்துக்கொள்ளாது. மாலை ஆறு மணிக்கு மேல் ஹாலில் பூ வாசனை வர வேண்டும், அதுவும் செடியிலிருந்தே வர வேண்டும் என்றுதான் இந்த வேலையைத் தொடங்கினேன்.

குண்டுமல்லிக்கு நல்ல வெயில் வேண்டும் என்பது தெரிந்ததுதான். குறைந்தது நாலைந்து மணி நேர நேரடி வெயில் இல்லாவிட்டால் இலைதான் வரும், பூ வராது. அதனால் செடி வாங்குவதற்கு முன்பே வெயிலை அளந்துவிடலாம் என்று, ஜனவரி மாத ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், காலை எட்டிலிருந்து மாலை ஐந்து வரை மணிக்கொரு தடவை பால்கனித் தரையில் வெயிலின் எல்லையைச் சாக்பீஸால் கோடு போட்டு, பக்கத்தில் நேரத்தையும் எழுதினேன். எதிர்வீட்டு மாடி கொஞ்சம் மறைத்தது. அப்படியும் ஒன்பதரையிலிருந்து மூன்றரை வரை ஆறு மணி நேரம் வெயில். கைப்பிடிச் சுவரின் நிழலைத் தாண்டி, வெயில் பால்கனியைக் கடந்து ஹாலுக்குள்ளேயே வந்தது. இதற்கு மேல் என்ன வேண்டும்?

நர்சரியில் இருந்த அக்கா ராமநாதபுரம் பக்கத்துப் பதியன் என்று சொல்லி இரண்டு குண்டுமல்லிக் கன்றுகளைக் கொடுத்தார். கூடவே ஒரு ராத்ராணி. பத்து அங்குலப் பிளாஸ்டிக் தொட்டிகளே போதும் என்று முடிவு செய்தேன். பன்னிரண்டு அங்குலம் செடிக்கு இன்னும் நல்லது. ஆனால் நனைந்த மண்ணோடு அதைத் தூக்கினால் இருபது கிலோவுக்குக் குறையாது, என் முதுகு அதற்கு ஒப்பாது. செம்மண் இரண்டு பங்கு, ஆற்று மணல் ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு கலந்தேன். தொட்டியின் அடித்துளைகள் மேல் உடைந்த ஓட்டுச் சில்லை வைத்து, அதற்கு மேல் மண்ணைப் போட்டு நட்டேன்.

பிப்ரவரியில் துளிர் வந்தது. மார்ச்சில் ஒன்றிரண்டு மொட்டு. ஏப்ரலில்தான் மல்லி கொட்டும் என்று காத்திருந்தேன். ஏப்ரலில் கொடி மாதிரி நீளமாகக் கிளை ஓடியது, அவ்வளவுதான். இலைக்கும் இலைக்கும் நடுவில் மூன்று விரல் இடைவெளி. இலை பெரிதாக, மெல்லியதாக, கரும்பச்சையாக இருந்தது. மே மாதம் பத்தாம் தேதி வாக்கில் தெருமுனைப் பூக்கடையில் மல்லி குவிந்து கிடக்க, என் வீட்டில் ஒரு மொட்டு கூட இல்லை. சத்துக் குறைவுதான் என்று நினைத்து, கடலைப் புண்ணாக்கை இரண்டு நாள் ஊறவைத்துக் கரைத்து ஊற்றினேன். பூ மணம் வேண்டிய ஹாலில் மூன்று நாள் புண்ணாக்கு நாற்றம். அம்மா ஒன்றும் சொல்லவில்லை, கதவை மட்டும் சாத்தினார்.

நீளமாக ஓடும் கிளை, அகலமான மெல்லிய இலை, மொட்டே இல்லாத நுனி ஆகிய மூன்றும் ஒன்றாக இருந்தால் அது பசி அல்ல, வெயில் போதவில்லை என்பதன் அடையாளம். சத்துக் குறைந்த செடி குட்டையாக, வெளிறிப்போய் நிற்கும். இது எனக்குப் பிறகுதான் உறைத்தது. ஆறு மணி நேர வெயில் இருக்கிறதே, தரையில் கோடு கூட இருக்கிறதே என்று வெயிலை நான் சந்தேகப்படவே இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் சாக்பீஸை எடுத்தேன். எட்டு மணிக்குக் கிழக்கு ஓர மூலையில் சாய்வாக ஒரு துண்டு வெயில், ஒன்பதரைக்கு அதுவும் போயிற்று. அதற்குப் பிறகு கோடு போட இடமே இல்லை. வெளியே பார்த்தால் மண்டையைப் பிளக்கும் அக்னி நட்சத்திரம், பால்கனியில் நாள் முழுக்க நிழல்.

காரணம் வானத்தில் இருக்கிறது. தை பிறந்தால் சூரியன் வடக்கே போகிறது என்று வருஷா வருஷம் பஞ்சாங்கம் சொல்கிறது. அதைப் பால்கனியோடு சேர்த்து யோசிக்க எனக்குத் தோன்றவில்லை. சென்னை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 13 பாகையில் இருக்கிறது. சூரியனோ 23.5 பாகை வரை வடக்கே வரும். அதனால் ஏப்ரல் 24 வாக்கில் நண்பகலில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும், அன்றைக்குக் கம்பத்துக்கு நிழல் விழாது. அதைத் தாண்டியதும் சூரியன் நமக்கு வடக்குப் பக்கம் போய்விடும். ஆகஸ்ட் 18 வாக்கில்தான் மறுபடி உச்சியைக் கடந்து தெற்கே இறங்கும். நடுவில் இருக்கும் நான்கு மாதமும் தெற்குச் சுவருக்கு நேரடி வெயில் கிடையாது. என் மூலையில் வந்த அந்தச் சாய்வுத் துண்டு கூட, பால்கனி கட்டடத்தின் கிழக்கு முனையில் இருப்பதால் வடகிழக்கிலிருந்து எட்டிப் பார்த்த வெயில்தான். டிசம்பரில் நண்பகலில் கூடச் சூரியன் ஐம்பத்து நாலு பாகை உயரத்துக்கு மேல் ஏறாது, அதனால்தான் வெயில் மேல்தளத்துக்கு அடியில் நுழைந்து ஹால் வரை வந்தது. மார்ச் கடைசியில் அது எழுபத்தேழு பாகையைத் தாண்டும்போதே மேல்தளம் மறைக்க ஆரம்பித்து, விளிம்பை ஒட்டி ஓர் அடிப் பட்டைதான் மிஞ்சுகிறது.

இதில் ஒரு கொடுமை, மல்லியின் பருவமே மார்ச்சிலிருந்து ஜூலை வரைதான். செடிக்கு வெயில் தேவைப்படும் மாதங்களும், தெற்குப் பால்கனி நிழலில் கிடக்கும் மாதங்களும் ஒன்றே. ஜனவரியில் நான் அளந்தது தப்பில்லை. ஜனவரிக்கு மட்டும்தான் அது சரி.

வீட்டில் வேறு எங்கே வெயில் என்று தேடினேன். படுக்கையறை ஜன்னல் கிழக்கு பார்த்தது, வெளியே பெட்டி மாதிரி நீட்டிய இரும்பு கிரில். கிழக்கு வெயில் வருஷம் முழுவதும் வரும். கோடையில் கொஞ்சம் வடக்கே தள்ளி, மார்கழியில் தெற்கே தள்ளி, அவ்வளவுதான் வித்தியாசம். அங்கே ஏழிலிருந்து பதினொன்று வரை நாலு மணி நேரம் கிடைத்தது. மல்லிக்கு இது தாராளம் என்று சொல்ல மாட்டேன், போதும். பத்து அங்குலத் தொட்டிக்குப் போனது இங்கே கை கொடுத்தது, இரண்டும் கச்சிதமாக உட்கார்ந்தன. தொட்டியின் கழுத்தைச் சுற்றிக் கம்பி கட்டி கிரிலோடு முறுக்கிவிட்டேன். கீழே ஆள் நடக்கும் இடம், காற்றடிக்கும் நாளில் யாராலும் காவல் இருக்க முடியாது. முதல் நாள் தண்ணீர் ஊற்றியதுமே கீழ்வீட்டு மாமி தலையை நீட்டி, "மழையா பெய்யறது? துணி காயப் போட்டிருக்கேனே!" என்றார். மறுநாள் அடியில் தட்டு வைத்தேன்.

இடத்தை மாற்றினால் மட்டும் போதாது. நிழலில் வளர்ந்த அந்த நீளக் கிளைகளில் பூ வராது. மல்லி புதிதாக வரும் தளிரின் நுனியில்தான் மொட்டு வைக்கும். அதனால் இரண்டு செடிகளையும் மண்ணிலிருந்து ஒன்றரைச் சாண் உயரத்துக்கு வெட்டினேன். மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. பத்து நாளில் கணுக்களில் துளிர் கிளம்பியது, இம்முறை இலைகள் நெருக்கமாக, தடிப்பாக வந்தன. ஜூன் கடைசி வாரத்தில், வெட்டிய நாற்பத்திரண்டாம் நாள், முதல் மொட்டுக் கொத்து. அதிலிருந்து ஒவ்வொரு தடவை பூத்து முடிந்ததும், பூ இருந்த நுனியை இரண்டு கணு கீழே விட்டுக் கிள்ளிவிடுகிறேன். அடுத்த கொத்துக்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. இரண்டு செடி இருப்பதால் ஒன்றை இந்த வாரம், மற்றதை இரண்டு வாரம் கழித்துக் கிள்ளினால், பூ இல்லாத நாட்கள் குறைகின்றன.

தண்ணீர்க் கதை தனி. நிழலில் இருந்தபோதும் கோடைதானே என்று தினம் ஒரு லிட்டர் ஊற்றியிருக்கிறேன். வெயில் படாத செடி அவ்வளவு குடிக்காது. மண் சேறாகி, அடி இலைகள் மஞ்சளாகி உதிர்ந்தன. தொட்டியைத் தட்டினால் கொசு மாதிரிப் பூச்சிகள் பறந்தன. அதையும் சத்துக் குறைவு என்றே நினைத்தேன், புண்ணாக்கு வைத்தியத்துக்கு அதுவும் ஒரு காரணம். கிழக்கு கிரிலுக்குப் போனதும் நிலைமை தலைகீழ். வெயிலும் காற்றும் சேர்ந்து, காலையில் ஊற்றிய ஒரு லிட்டர் மாலைக்குள் காணாமல் போகும். விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் விட்டுப் பார்ப்பது நல்ல வழிதான், ஆனால் கிரிலுக்குள் கை வளையாது. தொட்டியின் விளிம்பைப் பிடித்து லேசாகச் சாய்த்துப் பார்க்கிறேன். காலையில் நனைந்த தொட்டி நகர மறுக்கும், காய்ந்தது ஒரு கைக்கே சாய்ந்துவிடும். மே, ஜூனில் காலை ஆறரைக்கு ஒரு லிட்டர், மாலையில் சாய்த்துப் பார்த்து லேசாக இருந்தால் இன்னோர் அரை லிட்டர். மழைக்காலத்தில் மூன்று நாளுக்கு ஒரு தடவை கூடத் தேவைப்படுவதில்லை.

மல்லி தாகத்தைச் சொல்லாத செடி என்பதையும் கவனிக்க வேண்டும். இலை சீக்கிரம் தொங்காது. அதற்கு முன்பே மொட்டை உதிர்த்துவிடும். இரண்டு நாள் ஊருக்குப் போய் வந்தால் இலை அப்படியே பச்சையாக இருக்கும், தட்டில் மட்டும் பிஞ்சு மொட்டாகக் கிடக்கும். ராத்ராணி அப்படி இல்லை, ஒரு வேளை தவறினாலே துவண்டு விழுந்து நாடகம் போடும், ஊற்றினால் அரை மணியில் எழுந்து நிற்கும். அது துவண்டிருந்தால் முதலில் போய் மல்லியைப் பார்ப்பது என்று எனக்குப் பழக்கமாகிவிட்டது.

இன்னொரு தப்பும் செய்தேன். சமையலறையில் ஆர்ஓ இயந்திரம் வெளியே தள்ளும் தண்ணீர் வீணாகிறதே என்று இரண்டு மாதம் அதையே செடிக்கு ஊற்றினேன். எங்கள் போர் தண்ணீரே உப்பு, அதில் உப்பையெல்லாம் ஒதுக்கித் தள்ளியதுதான் அந்தக் கழிவு நீர். மண்ணின் மேலேயும் தொட்டி விளிம்பிலும் வெள்ளையாகப் பூத்தது, இலை நுனிகள் கருகின. புதுத் தளிர்கள் மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தது. இந்த மஞ்சளும் முன்பு பார்த்த மஞ்சளும் வேறு. ஈரம் அதிகமானால் அடியில் இருக்கும் முற்றிய இலைகள் முழுதாக மஞ்சளாகும். இரும்புச்சத்து கிடைக்காவிட்டால் மேலே இருக்கும் இளம் இலைகள் நரம்பை விட்டுவிட்டு மஞ்சளாகும். மண்ணில் இரும்பு இருந்தாலும் உப்பும் சுண்ணாம்பும் ஏறிய மண்ணில் வேர் அதை எடுக்க முடியாது. தொட்டியைக் குளியலறைக்கு எடுத்துப்போய், சேமித்து வைத்த மழைத்தண்ணீரை, அடித்துளை வழியே வெளியேறி ஓடும் வரை மூன்று தடவை ஊற்றி மண்ணை அலசினேன். நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி என்னும் இரும்பு சல்பேட் வாங்கி, லிட்டருக்கு ஐந்து கிராம் கலந்து இலை மேல் தெளித்தேன். மூன்று வாரத்தில் புதுத்தளிர் பச்சையாக வந்தது. இப்போது கோடையில் ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்து ஊற்றுகிறேன், அது காற்றிலிருந்து வடிந்த நீர் என்பதால் உப்பு இருக்காது.

சரி, பூ வந்தது. ஆனால் பூத்தது படுக்கையறை ஜன்னலுக்கு வெளியே. மணம் வேண்டியது ஹாலில். சென்னையில் கோடை மாலைகளில் கடற்காற்று தென்கிழக்கிலிருந்து வரும். அது தெற்குப் பால்கனி வழியாகத்தான் எங்கள் ஹாலுக்குள் நுழைகிறது. அதாவது மணத்தைக் கொண்டுவரும் காற்று ஒரு பக்கம், மல்லிக்கு வேண்டிய வெயில் இன்னொரு பக்கம். பூத்த தொட்டியை மாலையில் பால்கனிக்குத் தூக்கிப் போய்க் காலையில் திரும்ப வைத்துப் பார்த்தேன். நாலு நாளில் கம்பியை அவிழ்த்துக் கட்டியே சலித்துப்போயிற்று.

வழி சொன்னவர் அம்மா. "தொட்டியை எதுக்குத் தூக்கற? மொட்டைப் பறிச்சு வை." பூக்காரர்கள் செய்வதும் அதுதானே. அன்று மாலை விரியப்போகும் மொட்டு காலையிலேயே தெரிந்துவிடும். பச்சை போய் முழு வெள்ளையாகி, பருத்து, நுனி மூடியிருக்கும். அதைப் பறித்து வைத்தாலும் மாலை ஆறரை, ஏழுக்குள் தானாக விரியும், விரியும்போதுதான் மணமும் கிளம்பும். அடியில் பச்சை ஓடும் மொட்டைப் பறித்தால் அது விரியாமலே வாடிவிடும், அதற்கு இன்னும் ஒரு நாள் தர வேண்டும். ஊதா நிறம் ஏறிய மொட்டு இருந்தால் உள்ளே மொட்டுப்புழு இருக்கிறது என்று அர்த்தம், கிள்ளிக் குப்பையில் போட வேண்டும், தொட்டியிலேயே போடக் கூடாது.

காலையில் தண்ணீர் ஊற்றும்போதே பறித்து, ஈரத்துணியில் சுற்றி நிழலில் வைக்கிறேன். ஐந்தரைக்கு ஓர் அகலமான பித்தளைத் தட்டில் விரல் கனத்துக்குத் தண்ணீர் விட்டு, அதில் பரப்பிப் பால்கனிக் கதவுக்கு உள்பக்கம் முக்காலியில் வைப்பேன். பதினைந்து மொட்டு இருந்தால் எங்கள் ஹாலுக்குப் போதும். மின்விசிறியை இரண்டுக்கு மேல் வைத்தால் மணம் கலைந்துவிடுகிறது. எட்டு மணிக்கு வெளியே போய்விட்டு உள்ளே வந்தால்தான் அதன் முழு மணமும் தெரியும், உள்ளேயே இருப்பவர் மூக்கு பழகிவிடும். ஐந்தாறு மொட்டு மட்டும் கிடைக்கும் நாளில் தட்டு வேண்டாம், தலையணைப் பக்கம் வைத்துக்கொள்ளலாம்.

பால்கனியைக் காலியாக விடவில்லை. ராத்ராணி அந்தக் கிழக்கு மூலையிலேயே இருக்கிறது, காலையில் கிடைக்கும் இரண்டு மணிச் சாய்வு வெயிலுக்கு அரைகுறையாகத்தான் பூக்கிறது. அதுவே நல்லது. முழு வெயிலில் கொட்டிப் பூத்தால் அந்த மணத்தில் எங்கள் வீட்டில் யாருக்கும் தூக்கம் வராது, அம்மாவுக்குத் தலைவலி நிச்சயம். அதன் காய் விஷம், சின்னக் குழந்தைகள் வரும் வீடு என்றால் பூ உதிர்ந்ததும் காய் பிடிக்காமல் நுனியை வெட்டிவிட வேண்டும். பாம்பு வரும் என்று பக்கத்து வீட்டில் பயந்தார்கள். இரண்டாவது மாடிக்கு லிஃப்டில்தான் வர வேண்டும்.

வெயில் இல்லாத மாதங்களில் அங்கே நன்றாக இருப்பது ரம்பை. யாழ்ப்பாணத்துத் தோழி ஒருத்தி கொடுத்த பக்கக் கன்று. நேரடி வெயில் பட்டால் இலை வெளுத்துவிடும், நிழல் வெளிச்சம் போதும், இரண்டு நாளுக்கு ஒரு தடவை மண் ஈரமாக இருந்தால் சரி. ஆனால் செடியாக நிற்கும்போது மணக்காது, அதை எதிர்பார்த்து வாங்கினால் ஏமாற்றம். சூடு பட்டால்தான் அந்தப் பாசுமதி வாசனை வரும். இரண்டு இலையை முடிச்சுப் போட்டுக் குக்கரில் அரிசியோடு வைத்தால் வீடே மணக்கும்.

தெற்கு வெயில் திரும்பி வரும் மாதங்களுக்கு மரிக்கொழுந்து பொருத்தமாக அமைந்தது. அது குளிர்காலப் பயிர், நவம்பரில் விதைத்தால் பிப்ரவரி கடைசியில் வெட்டலாம், கோடை வந்தால் கருகிவிடும். பால்கனியில் வெயில் இருக்கும் காலமும் அதுவே. விதை தூசி மாதிரி இருக்கும். ஈரத்துணியில் இரண்டு நாள் முடிந்து வைத்து, மணலோடு கலந்து தூவி, மேலே மண் போடாமல் தெளிப்பானால் மட்டும் நனைத்தேன். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மொட்டை மாடியில் வைத்தவர்களுக்கு நாற்று அழுகிப்போனது. எங்கள் மேல்வீட்டுத் தளம், கோடையில் வெயிலை மறைத்த அதே தளம், இங்கே மழையை மறைத்தது. இதன் மணமும் காற்றில் வராது, இலையைத் தொட்டால்தான் வரும். அதனால் ஹாலிலிருந்து போகும் வழியில், கை உரசும் உயரத்தில் வைத்திருக்கிறேன். வெட்டிக் காயவைத்ததைப் புடவை அலமாரியில் வைத்தார் அம்மா.

மல்லியை நவம்பர் கடைசியில் பாதிக்கு மேல் வெட்டி, இரண்டு பிடி மண்புழு உரம் போட்டு, டிசம்பர் முழுக்கத் தண்ணீரைக் குறைத்தேன். மார்ச் இரண்டாம் வாரம் ஒரே நாளில் இருபத்து மூன்று மொட்டு. தொட்டிதான் இனி போதாது, அடித்துளை வழியே வேர் வெளியே தொங்குகிறது. பன்னிரண்டு அங்குலம் அந்த கிரிலில் நுழையாது, நுழைந்தாலும் அந்த எடையை அதில் ஏற்ற எனக்குத் துணிவில்லை. வரும் நவம்பரில் வெட்டும்போது தொட்டியிலிருந்து எடுத்து, வேரை மூன்றில் ஒரு பங்கு சீவி, புது மண்ணோடு அதே தொட்டியில் திரும்ப நடப்போகிறேன். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய மாட்டேன். முதலில் இடது பக்கம் இருப்பது, அது பிழைத்தால் மற்றது.